டேஷ்கேம்: பெட்டியில் கடைசியாக இருந்ததை முதலில் பார்த்த கதை

அன்று இரவு வண்டி ஓட்டியது என் மனைவி. பின்சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் நல்ல தூக்கம். சந்திப்பில் பச்சை விழுந்து கிளம்பியபோது, பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு கார் சிவப்பைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே பாய்ந்தது. எங்கள் முன் பம்பரின் மூலையை உரசிவிட்டு நிற்காமல் போயே போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை. பம்பர் மூலை பிய்ந்து தொங்கியது, முகப்பு விளக்கில் விரிசல். போனில் விஷயத்தைக் கேட்டதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "விடு, கேமரா இருக்குல்ல."

கேமரா இருந்தது, காரின் முன்கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம். பெட்டியின் மேல் தங்க நிறத்தில் 4கே என்று போட்டிருந்த கேமரா. வீட்டுக்கு வந்ததும் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகினேன். கடைசிப் பதிவு பல வாரங்களுக்கு முந்தையது. அன்றைய இரவு மட்டுமல்ல, அதற்கு முந்தைய நாள், முந்தைய வாரம், எதுவுமே இல்லை. காருக்குப் போய்க் கார்டைத் திரும்பப் போட்டுக் கேமராவை ஓடவிட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு நொடி `Memory full` என்று வந்தது, பிறகு திரை வழக்கம்போல் அணைந்துவிட்டது. ஓட்டுபவர் கண் கூசாமல் இருக்கட்டும் என்று திரை தானாக அணையும்படி வைத்தவன் நானேதான். அந்த ஒரு நொடிச் செய்தி தினமும் வந்துகொண்டிருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

ஏன் நிரம்பியது என்று அன்று இரவே உட்கார்ந்து பார்த்தேன். லூப் ரெக்கார்டிங் என்பது எளிமையான ஏற்பாடு. கேமரா, காணொளியை மூன்று நிமிடத் துண்டுகளாக எழுதிக்கொண்டே போகும். கார்டு நிரம்பியதும் இருப்பதிலேயே பழைய துண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உள்ளே இருக்கும் ஜி சென்சார் ஒரு குலுக்கலை உணர்ந்தால், அப்போது எழுதிக்கொண்டிருக்கும் துண்டைப் பூட்டி, அதற்கென்று உள்ள தனிக் கோப்புறையில் போட்டுவிடும். பூட்டிய துண்டை லூப் தொடாது. விபத்துப் பதிவு அழிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, கேட்கும்போது அருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தச் சென்சாருக்கு விபத்து எது, வேகத்தடை எது என்று தெரியாது. என் கேமராவில் அதன் உணர்திறன், கடையிலிருந்து வந்தபடியே, மிக அதிகத்தில் இருந்தது. பூட்டிய கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசல் வேகத்தடை. எங்கள் தெருமுனைக் குழி. மறுபடியும் பள்ளிக்கூட வாசல் வேகத்தடை. ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு துண்டுகள் இப்படிப் பூட்டப்பட்டிருந்தன. ஒரு துண்டு ஏறக்குறைய 340 எம்பி. கார்டு 32 ஜிபி, அதில் தொண்ணூறு துண்டுகளுக்குச் சற்று மேல் பிடிக்கும். தொண்ணூறை நான்கால் வகுத்தால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று நாள். கடைசிப் பதிவு எந்த நாள் பயணம் என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, கேமரா மாட்டிய நாளிலிருந்து எண்ணினேன். இருபத்து நான்காவது நாள்!

பூட்டிய துண்டுகள் சேரச் சேர, லூப் சுழல்வதற்கான இடம் நாளுக்கு நாள் சுருங்கியிருக்கிறது. கடைசியில் ஒரு துண்டுக்குக்கூட இடம் இல்லாமல் கேமரா நின்றுவிட்டது. இதில் கேமராவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, சொன்னதைத்தான் செய்தது. எல்லாக் கேமராவும் இப்படி நின்றுவிடாது. சில மாடல்கள் பூட்டிய துண்டுகளுக்கு என்று கார்டில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்கி, அது நிரம்பினால் பூட்டியதிலேயே பழையதை அழித்துக்கொள்ளும். அடுத்த கேமரா வாங்கும்போது நான் கையேட்டைத் தரவிறக்கி முதலில் தேடிய வரி இதுதான். பூட்டிய கோப்புகள் நிரம்பினால் என்ன ஆகும்? பதில் கையேட்டில் இல்லாவிட்டால் அந்த மாடலைத் தள்ளிவைத்துவிட்டேன்.

அந்தப் பழைய கேமரா அதற்கு முன்பே வேறு விதத்தில் எச்சரிக்கை தந்திருந்தது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூட்டிய துண்டுகளில் பாதிக்கு மேல் தேதி ஜனவரி 1 என்று இருந்தது. அதன் உள்ளே ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சூட்டில் அது தாங்கவில்லை. கேமராவின் பின்மூடியில் விரலை வைத்துத் தடவினால் நடுவில் லேசாகப் புடைத்திருந்தது தெரிந்தது. பேட்டரி செத்ததால் வெளி மின்சாரம் நின்றதும் கடிகாரம் அழிந்து, மறுபடி ஜனவரி 1க்குப் போய்விடும். தேதி தப்பாக இருக்கும் பதிவை யாரிடம் காட்டினாலும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். புடைத்த லித்தியம் பேட்டரியைப் பிள்ளைகள் உட்காரும் காரில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய தப்பு. அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அதனால் இரண்டாவது கேமராவைத் தேர்ந்தெடுத்தபோது பெட்டியில் எழுதியிருந்த வரிசையைத் தலைகீழாக்கினேன். பெட்டியில் முதலில் 4கே, பிறகு எத்தனை டிகிரி அகலம், எங்கோ கடைசியில் பொடி எழுத்தில் மின்சாரம். நான் மின்சாரத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் நிபந்தனை, உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கக் கூடாது, சூப்பர் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். கெப்பாசிட்டர் தேக்கி வைக்கும் மின்சாரம் சில நொடிகளுக்கு மட்டுமே தாங்கும். ஆனால் டேஷ்கேமுக்கு அந்தச் சில நொடிகள் போதும். காரணம், பெரும்பாலான கேமராக்கள் எழுதும் எம்பி4 கோப்பில், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு கோப்பை முடிக்கும்போதுதான் எழுதப்படும். அது இல்லாவிட்டால் உள்ளே படம் முழுக்க இருந்தாலும் கோப்பு திறக்காது. பெரிய மோதலில் முதலில் போவது பல நேரம் மின்சாரம்தான். அந்த நேரத்தில் கடைசிக் கோப்பை ஒழுங்காக மூடிவிட்டு அணைவதற்குத்தான் கெப்பாசிட்டர். சூட்டையும் அது லித்தியத்தைவிட நன்றாகத் தாங்கும். கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பதிவு ஓடும்போது ஒயரைப் பிடுங்குங்கள். பிறகு கடைசிக் கோப்பு திறக்கிறதா, பிடுங்கிய நொடி வரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் கேமரா பல நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பது பேட்டரி.

அடுத்தது, காரிலிருந்து மின்சாரத்தை எங்கே எடுப்பது என்பது. முதல் கேமராவை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில்தான் செருகியிருந்தேன். சில கார்களில் சாவியை எடுத்ததும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் நின்றுவிடும், சிலவற்றில் எப்போதும் இருக்கும். எங்கள் கார் இரண்டாவது வகை. அது தெரியாமல் ஐந்து நாள் வெளியூர் போய்விட்டு வந்தோம். சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் வந்தது, இன்ஜின் சுழலவே இல்லை. கணக்குப் போட்டால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கேமரா 4 வாட் எடுத்தால், 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர். ஒரு நாளைக்கு 8 ஆம்பியர் ஹவர், ஐந்து நாளில் 40. எங்கள் கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45. உங்கள் கார் எந்த வகை என்று பார்க்க, சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து, கேமராவின் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும். உடனே பார்க்க வேண்டாம், சில கார்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாக்கெட்டை அணைக்கும்.

சரி, காரில் ஏற்கெனவே யுஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் செருகினால் என்ன? அதையும் செய்து பார்த்தேன். பாட்டுக் கேட்க வைத்திருக்கும் பழைய துளைகள் பலவற்றில் அரை ஆம்பியர்தான் வரும். முன், பின் இரண்டு கேமரா ஓட அது பத்தாது. அறிகுறி வேடிக்கையாக இருக்கும். பகலில் ஒழுங்காக ஓடும், இரவில் அகச்சிவப்பு விளக்கோ வைஃபையோ ஓடத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எரியும். கேமரா பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியிருந்தேன், நல்லவேளை அதற்கு முன் கேமராவோடு வந்த சார்ஜரில் போட்டுப் பார்த்தேன்.

கடைசியில் ஹார்ட்வயர் கிட் போட்டோம். அது ஒரு சின்னப் பெட்டி, காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கிக் கேமராவுக்குக் கொடுக்கும். மூன்று ஒயர். ஒன்று, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் சேர வேண்டும். இன்னொன்று, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸில். மூன்றாவது, பெயின்ட் இல்லாத உலோகப் போல்ட்டில், அது எர்த். இரண்டாவது ஒயர் மூலம்தான் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கேமராவுக்குத் தெரியும். முதல் இரண்டையும் தவறுதலாக எப்போதும் உயிருள்ள ஃபியூஸ்களிலேயே செருகிவிட்டால், கேமரா, நிற்கும் வண்டிக்கான பார்க்கிங் நிலைக்கு மாறவே மாறாது, வண்டி ஓடிக்கொண்டிருப்பது போலவே ராத்திரி முழுக்க எழுதித் தள்ளும்.

இதை நானே செய்திருக்கலாம், தைரியம் வரவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொரு ஃபியூஸாகத் தொட்டுக்கொண்டே சொன்னார். "சார், ஏர்பேக், பிரேக், இன்ஜின் ஃபியூஸ் பக்கம் யார் சொன்னாலும் போகாதீங்க. வைப்பர், ரேடியோ மாதிரி எது போனாலும் வண்டி ஓடும்ங்கற இடத்துல எடுங்க." முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் ஒயரை இறக்கும்போதும் ஒரு விஷயம் காட்டினார். அந்த உறைக்குள் மடித்து வைத்த ஏர்பேக் இருக்கிறது. ஒயர் அதன் முன்னால் குறுக்கே போனால், ஏர்பேக் விரியும்போது தடுக்கும். அதனால் ஏர்பேக்குக்குப் பின்னால் கொண்டுபோய், ஏற்கெனவே இருக்கும் ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினார். வெறுமனே ரப்பர் பட்டையைத் தூக்கி ஒயரைத் திணித்துவிடும் வேலை இதில் ஆகாது.

கிட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், எந்த வோல்ட்டேஜுக்குக் கீழே போனால் கேமராவை நிறுத்த வேண்டும் என்பதற்கு. நிறைய பேர் அதைத் தொடுவதே இல்லை. முழுதாக சார்ஜ் ஆன சாதாரண கார் பேட்டரி, வண்டி நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது. 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. எங்கள் கிட் 11.8இல் வந்தது. அதை 12.2க்கு மாற்றினேன். அதனால் பார்க்கிங் பதிவு ராத்திரி பாதியிலேயே நின்றுவிடும் நாட்கள் உண்டு. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்புவது எனக்கு அதைவிட முக்கியம்.

மின்சாரம் முடிந்ததும் லூப். புதிய கேமராவில் முதல் வேலை ஜி சென்சாரைக் குறைந்த நிலைக்குக் கொண்டுவந்தது. பிறகு கதவை ஓங்கிச் சாத்திப் பார்த்தேன், பள்ளிக்கூட வாசல் வேகத்தடையில் வழக்கமான வேகத்தில் ஏறி இறங்கினேன். எதுவும் பூட்டப்படவில்லை. அதுதான் எனக்கு வேண்டிய அளவு. சென்சார் சிறு மோதலைத் தவறவிட்டால்? அதற்குத்தான் கையால் அழுத்தும் பூட்டு பொத்தான் இருக்கிறது, என் மனைவிக்கும் அப்பாவுக்கும் அதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். கேமராவைப் பற்றி வேறு எதுவும் அவர்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லாதபடி இருக்க வேண்டும் என்பது குடும்பக் காருக்கு முக்கியமான நிபந்தனை என்றே நினைக்கிறேன்.

துண்டின் நீளத்தை மூன்று நிமிடத்திலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். பூட்டினால் ஒரு நிமிடத்து இடம்தான் போகும், கெட்டுப்போனாலும் ஒரு நிமிடம்தான். ஆனால் துண்டுகள் கூடினால் ஒட்டுகளும் கூடும். மலிவான கேமராக்கள் ஒரு துண்டை மூடி அடுத்ததைத் திறப்பதற்குள் ஒரு நொடி, சில நேரம் அதற்கு மேலும் விட்டுவிடும். மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கேமராவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடித்தேன். பிறகு ஒரு துண்டின் கடைசிப் படத்தையும் அடுத்ததன் முதல் படத்தையும் நிறுத்திப் பார்த்தேன். ஒரு நிமிடத் துண்டுக்கு மாற்றிய பழையதில் 59.8க்குப் பிறகு நேராக 61.1 வந்தது. அதாவது நிமிடத்துக்கு ஒரு நொடிக்கு மேல் இருட்டு. புதியதில் முதல் துண்டின் கடைசி நொடி இரண்டாவதன் தொடக்கத்தில் மறுபடியும் வந்தது. கொஞ்சம் இடம் வீண்தான், ஆனால் எதுவும் விட்டுப்போகவில்லை.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மொபைலுக்கு வாங்கும் சாதாரண கார்டு, எப்போதாவது எழுதுவதற்கானது. டேஷ்கேம் அதையே திரும்பத் திரும்ப அழித்து எழுதும். ஹை எண்டியூரன்ஸ் என்று போட்டிருக்கும் கார்டுகள் அதற்கென்றே வருபவை. எங்களுடையது 128 ஜிபி. முன், பின் இரண்டு கேமராவும் சேர்ந்து மணிக்குச் சுமார் 18 ஜிபி எழுதுகின்றன. ஆக ஏழு மணி நேர ஓட்டம், எங்களுக்கு நான்கைந்து நாள். பார்க்கிங் நிலையிலும் இதே வேகத்தில் எழுதவிட்டால் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும், அதனால் அசைவு தெரிந்தால் மட்டும் எழுதும்படி வைத்திருக்கிறேன்.

இனி படத்தின் தரம். 4கே எவ்வளவு உதவும் என்று பார்க்க, வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் நண்பரின் காரை ஐந்து, பத்து, பதினைந்து மீட்டரில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். கண்ணால் பார்த்ததும் கணக்கும் ஒத்துப்போயின. 1080பி படத்தின் அகலம் 1920 புள்ளிகள். லென்ஸ் பக்கவாட்டில் 140 டிகிரி பார்த்தால், ஒரு டிகிரிக்குப் பதினான்கு புள்ளி கூட இல்லை. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் அரை மீட்டர் அகல நம்பர் பிளேட், மூன்று டிகிரிக்கும் குறைவு. அதாவது முழுப் பிளேட்டுக்கும் நாற்பது புள்ளி. அதில் பத்து எழுத்து என்றால் எழுத்துக்கு நான்கு. வெறும் கறுப்புத் தீற்றல்தான் தெரியும். ஐந்து மீட்டரில் இது இரட்டிப்பாகும், படிக்க முடிந்தது. உண்மையான 4கே, அதே அளவு தெளிவைப் பத்து மீட்டரில் தரும். அகலம் 170 டிகிரி என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, அது கூடக்கூடப் புள்ளிகள் இன்னும் அகலமாகச் சிதறும் என்பதைப் பெட்டி சொல்லாது.

"உண்மையான" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் முதல் கேமராவின் 4கே, உள்ளே இருந்த சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கியது. கோப்பின் அளவே காட்டிக்கொடுத்தது. மூன்று நிமிடத்துக்கு 340 எம்பி என்பது நொடிக்கு 15 மெகாபிட். ஒழுங்கான 1080பிக்கு அது போதும், அதன் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கேக்கு எந்த மூலைக்கு? இணையத்தில் மாதிரிக் காணொளி பார்த்து ஏமாறாமல், அந்தக் கேமராவின் ஒரு நிமிடக் கோப்பு எத்தனை எம்பி என்று கேளுங்கள்.

இரவில் கதை வேறு. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், முப்பதில் ஒரு நொடி வரைகூட. மணிக்கு 40 கிலோமீட்டரில் குறுக்கே போகும் கார் அந்த நேரத்தில் 37 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், எத்தனை கே போட்டாலும் பிரியாது. முன்னால் நம் வேகத்திலேயே போகும் வண்டியின் பிளேட் மட்டும் தெளிவாகத் தெரியும், இரண்டுக்கும் இடையில் நகர்வு இல்லையே. இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். குறுக்கே போகும் காரின் பிளேட் நம்மைப் பார்த்தே இருக்காது! அன்று பழைய கேமரா ஒழுங்காக ஓடியிருந்தாலும் அந்த நம்பர் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் எங்கள் சிக்னல் பச்சையாக இருந்தது கிடைத்திருக்கும். தப்பு யார் பக்கம் என்பதற்கு அதுதான் தேவை, அதற்கு 4கே வேண்டியதில்லை.

அதனால் முன்னால் 1440பி, பின்னால் 1080பி எடுத்தோம். சோனியின் ஸ்டார்விஸ் வகைச் சென்சார், குறைந்த வெளிச்சத்துக்கென்று செய்தது. எச்டிஆர் இருப்பதால் முகப்பு விளக்கு பட்டு நம்பர் பிளேட் வெறும் வெள்ளைச் சதுரமாக மாறுவது குறைந்தது. சில எல்இடி சிக்னல்கள் மட்டும் பதிவில் மினுக்மினுக் என்று எரிகின்றன, அது கேமரா பழுது இல்லை, விளக்கின் துடிப்பும் படத்தின் வேகமும் ஒத்துப்போகாததால் வருவது.

மைக்கை நான் அணைக்கவில்லை. பிள்ளைகளின் சண்டையும் பாட்டும் எல்லாம் பதிவாகிறது, அது போகட்டும். போன மாதம் ஒரு வேன் எங்கள் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு முந்திக்கொண்டு போனது. ராத்திரி எட்டு மணி, லேசான தூறல். பதிவில் பிளேட் ஒரு மங்கலான கோடாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே, என் மனைவி அந்த நம்பரை ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை சத்தமாகப் படிப்பது கேட்கிறது. இரண்டாவது தடவை படித்து முடித்ததும், பின்சீட்டிலிருந்து சின்னவன், "அம்மா, அந்தப் பட்டனை அமுக்கும்மா" என்கிறான்.